“ம்?” என்பதும் “ம்” என்பதும்: ஆங்கிலப் பேச்சில் குரல் ஏறுவதும் இறங்குவதும்



நம் அறக்கட்டளையின் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வரும் பிள்ளைகள் வேலைக்குப் போன சில வாரங்களில் திரும்பி வந்து ஒரு குறையைச் சொல்வார்கள். “சொல் சரியாகத்தான் இருக்கிறது, இலக்கணமும் சரி. ஆனாலும் கேட்பவர் முகம் மாறுகிறது. மரியாதை இல்லாமல் பேசுகிறாய் என்கிறார்கள்.” இதற்குக் காரணம் பல இருக்கலாம். ஒரு காரணத்தை மட்டும் இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். வாக்கியத்தின் கடைசியில் குரல் மேலே போகிறதா, கீழே வருகிறதா என்பது அது. பாடப்புத்தகத்தில் இதற்கு இடம் குறைவு. அச்சில் காட்ட முடியாத விஷயம் என்பதால் ஆசிரியர்களும் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முதலில் நம் தாய்மொழியைப் பார்ப்போம். “அத்தா வந்துட்டாரு” என்பது செய்தி. “அத்தா வந்துட்டாரா” என்பது கேள்வி. இரண்டுக்கும் வேறுபாடு கடைசியில் வரும் “ஆ” என்ற ஓர் எழுத்துதான். அதை எந்தக் குரலில் சொன்னாலும், தூக்கக் கலக்கத்தில் முனகினாலும், கேள்வி கேள்விதான். பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு வினா எழுத்துகள் நினைவிருக்கும். எ, யா இரண்டும் சொல்லின் முதலில் வரும், ஆ, ஓ இரண்டும் கடைசியில் வரும், ஏ இரண்டு இடத்திலும் வரும். கேள்வி கேட்கும் பொறுப்பைத் தமிழ் எழுத்திடம் ஒப்படைத்திருக்கிறது. மதரஸாவில் அரபி படிக்கும் பிள்ளைகளுக்கும் இது புதிதல்ல. அங்கே “ஹல்” என்ற சொல்லோ “அ” என்ற எழுத்தோ வாக்கியத்தின் முன்னால் வந்து நின்று, இது கேள்வி என்று அறிவித்துவிடுகிறது.

ஆங்கிலத்திலும் கேள்விக்குச் சொல் வரிசை உண்டு. “ஆர் யூ”, “டூ யூ” என்று வினைச்சொல்லை முன்னால் போடுவார்கள். ஆனால் கடையில், கவுன்டரில், தொலைபேசியில் யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை. “டீ?”, “நேம்?”, “டுமாரோ?” என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த இடத்தில் கேள்விக்கு அடையாளமாக மிஞ்சி நிற்பது குரல் ஒன்றுதான். நம் “ஆ” செய்யும் வேலையை அங்கே குரலின் ஏற்றம் செய்கிறது. நம் பிள்ளை “ஆ” போட வழியில்லாத மொழியில் போய் நின்று, குரலையும் ஏற்றாமல் சொன்னால், கேள்வி கேள்வியாகவே போய்ச் சேருவதில்லை.

இதற்கு எழுதப்பட்ட சான்று ஒன்று உண்டு. மொழியும் சமூகமும் பற்றி ஆராய்ந்த ஜான் கம்பெர்ஸ் என்ற அறிஞர் 1982-ல் வெளியிட்ட நூலில் அதைச் சொல்கிறார். இவர் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். வட இந்தியக் கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தவர், நம் நாட்டுப் பேச்சு அவருக்குப் பழக்கம். பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் தட்டுடன் வரிசையில் வருவார்கள். இந்தப் பெண்கள் உணவு எடுத்து வைக்க வேண்டும். சில நாட்களிலேயே, இவர்கள் கடுகடுப்பானவர்கள், ஒத்துழைக்காதவர்கள் என்று மேற்பார்வையாளரும் சொன்னார், சாப்பிட வந்தவர்களும் சொன்னார்கள். இத்தனைக்கும் இரு தரப்பும் பேசிக்கொண்டது சில சொற்கள்தான்.

கம்பெர்ஸ் அந்தச் சில சொற்களைக் கவனித்தார். ஒருவர் இறைச்சி வாங்கினால், அதன் மேல் ஊற்றும் குழம்பு வேண்டுமா என்று கேட்க வேண்டும். அந்தக் குழம்புக்கு அங்கே “கிரேவி” என்று பெயர். ஆங்கிலேயப் பெண் பரிமாறும்போது “கிரேவி?” என்று குரலை ஏற்றிச் சொன்னாள். நம் பெண்கள் “கிரேவி” என்று குரலை இறக்கிச் சொன்னார்கள். சொல் அதேதான். முதலாவது, குழம்பு ஊற்றட்டுமா என்ற உபசரிப்பாகக் கேட்டது. இரண்டாவது, “இது குழம்பு” என்ற தகவலாகக் கேட்டது. குழம்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பவனிடம் இது குழம்பு என்று ஏன் சொல்ல வேண்டும்? வேண்டுமானால் எடுத்துக்கொள், வேண்டாவிட்டால் போ என்ற தொனியில் அது அவன் காதில் விழுந்தது.

இரண்டையும் ஒலிப்பதிவு செய்து அந்தப் பெண்களுக்கே போட்டுக் காட்டினார்கள். முதலில் அவர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்றார்கள். ஆங்கில ஆசிரியரும் மேற்பார்வையாளரும் விளக்கிய பிறகுதான், இத்தனை நாளும் வந்தவர்கள் முகத்தைச் சுளித்ததற்குக் காரணம் புரிந்தது. மறுபக்கம், குரலை இறக்கிக் கேட்பதுதான் இந்தப் பெண்களின் இயல்பான வழக்கம், அதில் அவமரியாதை ஏதும் இல்லை என்று மேற்பார்வையாளர்களும் தெரிந்துகொண்டார்கள். நமக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது பகுதி. கற்றுக்கொள்ள வேண்டிய பொறுப்பு வேலைக்காரப் பெண்ணுக்கு மட்டும் இல்லை. அந்நிய நாட்டில் நிறத்தையும் முக்காட்டையும் பார்த்து முகம் சுளிப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். குரலைத் திருத்தினால் அது போய்விடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் எது வெறுப்பு, எது வெறும் குரல் குழப்பம் என்று பிரித்துப் பார்க்கவாவது இந்த அறிவு வேண்டும்.

இனி பயிற்சிக்கு வருவோம். கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் ↗ என்ற குறி குரல் ஏறுவதையும், ↘ என்ற குறி குரல் இறங்குவதையும் காட்டும்.

குரலை ஏற்றச் சொன்னால் பிள்ளைகள் முதலில் செய்வது சத்தத்தைக் கூட்டுவது. சத்தம் வேறு, ஏற்றம் வேறு. சத்தம் கூடினால் கோபம் போல இருக்கும். ஏற்றம் என்பது பாட்டில் கீழ்ச்சுருதியிலிருந்து மேல்ச்சுருதிக்குப் போவது. அதைக் காதுக்குள் சொன்னாலும் செய்யலாம். இது யாருக்கும் தெரியாத வித்தையும் அல்ல. இரவில் கதை சொல்லும்போது குழந்தை “ம்” கொட்டுகிறதே, அது இறங்கும் குரல். “கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்” என்று அர்த்தம். காதில் சரியாக விழாதபோது “ம்?” என்கிறோமே, அது ஏறும் குரல். வாயைத் திறக்காமலே இரண்டையும் பிரித்துக் காட்டுகிறோம். வீட்டுப் பேச்சில் இன்னும் ஒன்று இருக்கிறது. “சாப்பிட்டாச்சா” என்று கேட்பதற்குப் பதில் “சாப்பிட்டாச்சு?” என்று “ஆ” இல்லாமலே கேட்பதுண்டு. அப்போது கடைசி எழுத்தில் குரல் தானாக மேலே போகும். ஆங்கிலத்துக்கு வேண்டியதும் அந்த ஏற்றம்தான். அதை எடுத்து “டீ” என்ற சொல்லில் வையுங்கள். “டீ ↗” என்றால் டீ வேண்டுமா. “டீ ↘” என்றால் இது டீ, அல்லது எனக்கு டீ.

ஒற்றைச் சொல் பழகிய பிறகு வாக்கியம். இங்கே அடுத்த தவறு வரும். வாக்கியம் முழுவதையும் மேலே தூக்கிக்கொண்டு போவார்கள். “ஆர் யூ ஃப்ரீ டுமாரோ” என்பதில் முன்னால் உள்ள சொற்கள் சமமாகப் போகட்டும். கடைசியில் வரும் முக்கியச் சொல்லில், அதிலும் அழுத்தம் விழும் அசையில், ஏற்றம் தொடங்க வேண்டும். “டுமாரோ” என்பதில் அழுத்தம் “மா”வில் விழுகிறது. அங்கிருந்து “ரோ” முடியும்வரை குரல் ஏறட்டும்.

ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளுக்கே இந்த ஏற்றம். “வாட்”, “வேர்”, “வென்” என்று தொடங்கும் கேள்விகள் பொதுவாக இறங்கித்தான் முடியும். “வேர் டூ யூ லிவ் ↘” என்பதே இயல்பு. கேள்விச்சொல் முன்னாலேயே வந்து இது கேள்வி என்று சொல்லிவிட்டதால் குரலுக்கு அங்கே வேலை இல்லை. நம் “எங்கே இருக்கீங்க” போலத்தான். ஆனால் குழந்தையிடமோ முதியவரிடமோ கனிவாகக் கேட்கும்போது அதையும் சற்று ஏற்றி முடிப்பார்கள்.

“வாட்” என்ற சொல் தனியாக வரும்போது கவனம் தேவை. “வாட் ↗” என்றால் காதில் விழவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று பொருள். “வாட் ↘” என்றால் “என்ன இப்போ?” என்று எரிந்து விழுவது. “சாரி”யும் இப்படித்தான். “சாரி ↗” என்றால் மறுபடி சொல்லுங்கள், “சாரி ↘” என்றால் மன்னியுங்கள். தொலைபேசியில் எதிர்ப்பக்கம் சொன்னது கேட்கவில்லை என்று நம் பிள்ளை “சாரி ↘” என்கிறான். அவர் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு, எதற்கு மன்னிப்பு என்று புரியாமல் சும்மா இருக்கிறார். இவன் அவர் மறுபடி சொல்வார் என்று சும்மா இருக்கிறான். பிறகு இணைப்பு போய்விட்டது என்று நினைத்து இருவரும் “ஹலோ, ஹலோ” என்கிறார்கள்.

பட்டியலுக்கு வருவோம். தமிழில் “இட்லியும் பொங்கலும் பூரியும் இருக்கு” என்று “உம்” போட்டுக் கோக்கிறோம். “இருக்கு” என்று முடிக்கும்வரை கேட்பவர் காத்திருப்பார். ஆங்கிலத்தில் கடைசிப் பொருளுக்கு முன்னால் மட்டும் “அண்ட்” வரும். அதற்கு முன்னால் உள்ளவற்றைக் கோப்பது குரல்தான். ஒவ்வொரு பொருளிலும் சற்று ஏற்றி, கடைசியில் இறக்க வேண்டும். ஏற்றம் இன்னும் இருக்கிறது என்று சொல்கிறது, இறக்கம் முடிந்தது என்று சொல்கிறது.

பெரிய கோயிலைப் பார்க்க வரும் வெளிநாட்டவர் தங்கும் ஓட்டல் ஒன்றில் நம் பையன் காலை உணவு பரிமாறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். என்ன இருக்கிறது என்று விருந்தினர் கேட்கிறார். அவன் “இட்லி ↘” என்கிறான். மூச்சு வாங்குகிறான். அதற்குள் அவர் “ஓகே, இட்லி” என்றுவிடுகிறார். பொங்கலும் பூரியும் அவருக்குத் தெரியாமலே போய்விட்டன. பக்கத்து மேசையில் பூரியைப் பார்த்ததும், எனக்கு ஏன் சொல்லவில்லை என்பார். பையன் சொல்ல வந்தது உண்மை. ஆனால் அவன் குரல் “இட்லி”யிலேயே கடையை மூடிவிட்டது. “இட்லி ↗, பொங்கல் ↗, பூரி ↗ அண்ட் தோசை ↘” என்று சொல்லியிருந்தால் அவர் தோசைவரை காத்திருப்பார். கடைசியிலும் ஏற்றி நிறுத்தினால், “இப்படிப் பலதும் உண்டு, பட்டியல் முடியவில்லை” என்று அர்த்தமாகும். உண்மையிலேயே வேறு உணவும் இருந்தால் அப்படி நிறுத்துவது சரிதான். இல்லாவிட்டால் அவர் அடுத்த பெயருக்காகப் பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கைபேசி எண் சொல்வதும் பட்டியல்தான். பத்து இலக்கத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்வது நம் வழக்கம். முதல் ஐந்தின் முடிவில் குரலை ஏற்றி நிறுத்துங்கள், பத்தாவதில் இறக்குங்கள். முதல் ஐந்திலேயே இறக்கினால் எழுதுகிறவர் முடிந்தது என்று நினைத்து இடையில் பேச ஆரம்பிப்பார். பெயர்ச்சொல் எழுத்துக்கூட்டிச் சொல்லும்போதும் இதே கதை. நம் பிள்ளைகளின் பெயர்கள் வெளியூர்க்காரருக்குப் புதிது என்பதால் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை நமக்கு அடிக்கடி வருகிறது.

இரண்டில் ஒன்று கேட்கும்போது இன்னும் நுட்பமான வேறுபாடு உண்டு. “டீ ↗ ஆர் காபி ↘” என்றால் இரண்டில் எது என்று சொல்லுங்கள் என்பது. “டீ ↗ ஆர் காபி ↗” என்றால் குடிக்க ஏதாவது வேண்டுமா என்பது. அதற்கு “நோ, தாங்க் யூ” என்பதும் சரியான பதில். தமிழில் முதலாவது “டீயா, காபியா?” இரண்டாவது “டீ, காபி ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?” நாம் வேறு வேறு வாக்கியமாகச் சொல்வதை அவர்கள் ஒரே வாக்கியத்தில் குரலை மாற்றிச் சொல்கிறார்கள்.

மரியாதைக்கு வருகிறோம். இதுதான் வேலையைக் காப்பதும் கெடுப்பதும். தமிழில் மரியாதை சொல்லின் வாலில் இருக்கிறது. “உட்காரு” என்பதோடு “ங்க” சேர்த்தால் போதும். “அண்ணே”, “மாமி”, “பாய்” என்று உறவுச்சொல் ஒன்றையும் சேர்த்தால் இன்னும் இதம். ஆங்கிலத்தில் “யூ” ஒன்றுதான். நீயும் அதுதான், நீங்களும் அதுதான். “ப்ளீஸ்” இருக்கிறதே என்பீர்கள். “சிட் டவுன் ப்ளீஸ்” என்று அழுத்தி இறக்கிச் சொன்னால் பரீட்சை மண்டபத்துக் கட்டளை போல இருக்கும். அதே சொற்களை மெல்ல ஏற்றி முடித்தால் உபசரிப்பு ஆகிவிடும்.

நம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் விஷயத்தைச் சொன்னால் தெளிவாகும். ஒரு தனியார் மருத்துவமனையில் தொலைபேசி எடுத்து முன்பதிவு செய்யும் வேலை. வெளிமாநிலத்தாரும் அழைப்பதால் பாதிப் பேச்சு ஆங்கிலத்தில். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். இரண்டாவது மாதமே, போனில் அதட்டுகிறாள் என்று புகார்கள் வந்துவிட்டன. வீட்டில் அந்தப் பெண்ணின் சம்பளத்தை நம்பித்தான் தம்பியின் படிப்பு. அவள் குரல் மிக மென்மையானது, அதட்டத் தெரியாத பிள்ளை. அலுவலகத்தில் என்ன சொல்வாயோ அதை அப்படியே சொல் என்று கைபேசியில் பதிவு செய்து கேட்டோம்.

“யுவர் நேம் ↘. ஏஜ் ↘. ஃபைல் நம்பர் ↘. டாக்டர் இஸ் நாட் அவெய்லபிள் டுடே ↘.” இப்படி இருந்தது. மென்மையாகத்தான் சொன்னாள், ஆனால் ஒவ்வொன்றும் கீழே விழுந்து முடிந்தது. இதைத் தமிழில் “பேரு. வயசு. ஃபைல் நம்பர். டாக்டர் இல்லை” என்று “ங்க” இல்லாமல் சொல்வது போல என்று விளக்கியதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தமிழில் ஒரு நாளும் அவள் அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

மாற்றியது கொஞ்சம்தான். முதல் கேள்வியை மட்டும் முழு வாக்கியமாக்கினோம்: “மே ஐ ஹேவ் யுவர் நேம், ப்ளீஸ் ↗”. மற்றவை ஒற்றைச் சொல்லாகவே இருக்கட்டும், ஏற்றி முடித்தால் போதும்: “ஏஜ் ↗”, “ஃபைல் நம்பர் ↗”. கடைசி வாக்கியம்தான் கடினம். டாக்டர் இல்லை என்பது கேள்வி அல்ல, அதை வெறுமனே ஏற்றினால் டாக்டர் இல்லையா என்று இவளே கேட்பது போல ஆகிவிடும். இதற்கு ஆங்கிலத்தில் இறங்கி உடனே சற்று ஏறும் ஒரு குரல் உண்டு. “டுடே”யில் “டே”யை இறக்கி, முடிவில் லேசாகத் தூக்க வேண்டும்: “டாக்டர் இஸ் நாட் அவெய்லபிள் டுடே ↘↗”. அப்போது “இன்றைக்குத்தான் இல்லை, வேறு வழி சொல்கிறேன்” என்ற பொருள் தானாக வந்துவிடுகிறது. இறக்கி மட்டும் சொன்னால் “இல்லை, போனை வை” என்பது போலக் கதவு மூடிக்கொள்கிறது. நாமும் “இன்னிக்கு இல்லையே…” என்று “ஏ”யை இழுத்துச் சொல்லும்போது அதே இதத்தைத்தான் தேடுகிறோம்.

இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. காதுக்குப் பழகாத குரல் வாய்க்கு வராது. அவளே பதிவு செய்து, கேட்டு, அழித்து, மறுபடி பதிவு செய்தாள். மூன்றாம் மாத முடிவில் நிரந்தரம் செய்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். புகார் நின்றதற்குக் குரல் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, வேலையும் அதற்குள் கை வந்திருக்கும்.

ஏற்றம் பழகியதும் வரும் வினை ஒன்று உண்டு. எல்லாவற்றையும் ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். நேர்முகத் தேர்வில் பெயர் கேட்டால் பெயரை ஏற்றிச் சொல்வார்கள். தன் பெயரிலேயே இவனுக்குச் சந்தேகமா என்று தோன்றும். பெயர், ஊர், படிப்பு, எத்தனை ஆண்டு அனுபவம், இவை எல்லாம் இறக்கிச் சொல்ல வேண்டியவை. “ஐ ஹேவ் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் ↘” என்று முடித்தால்தான் அது உறுதி. கேட்கும்போதும் உபசரிக்கும்போதும் ஏற்றம், தன்னைப் பற்றி அறிவிக்கும்போது இறக்கம் என்று ஆரம்பத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே சொன்னது லண்டன் வழக்கத்தை ஒட்டிய பாட ஆங்கிலம். எல்லா ஊரிலும் இப்படியே இல்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பலர் சாதாரணச் செய்தியையே ஏற்றி முடிப்பார்கள். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தாருக்கு அதுவே இயல்பு. அவர்கள் கேள்வி கேட்கிறார்கள் என்று நினைத்துப் பதில் தேட வேண்டாம். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அருகில் இருப்பவர் மலையாளியாகவோ பிலிப்பைன்ஸ்காரராகவோ இருப்பார். அவரவர் தாய்மொழியின் ராகம் அவரவர் ஆங்கிலத்தில் இருக்கும். அங்கே குரலைவிட முழு வாக்கியமாகக் கேட்பதே பாதுகாப்பு.

வீட்டில் பழக ஒரு வழி. இருவர் வேண்டும். ஒருவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளட்டும். பத்துத் துண்டுச் சீட்டில் ஐந்தில் “டீ ↗” என்றும் ஐந்தில் “டீ ↘” என்றும் எழுதிக் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லட்டும். வெளியே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல், கேள்வியா செய்தியா என்று குறித்துக்கொண்டே வரட்டும். புருவத்தைத் தூக்கியும் தலையை ஆட்டியும் நாம் கேள்வி கேட்டுவிடுகிறோம், தொலைபேசியில் அது போய்ச் சேராது, அதற்குத்தான் கதவு. பத்தில் ஐந்து சரியாக வந்தால் அது குருட்டாம்போக்கு, குரலில் இன்னும் வேறுபாடு இல்லை. ஒன்பது வந்தால் அடுத்த நாள் “டுமாரோ”வுக்குப் போகலாம், பிறகு மூன்று பொருள் கொண்ட பட்டியலுக்கு. வெளியே உட்காரும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. எங்கள் வகுப்பில் மிகச் சரியாகக் குறித்தவர், பேத்தியை அழைத்துப்போக வந்த ஒரு பாட்டிதான். சொல் புரியாததால் அவர் குரலை மட்டுமே கேட்டார்.